பெரிய வாட்ஸ்அப் குழுவில் ஒரு தேதியை முடிவு செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

சேலத்தை அடுத்த ஓமலூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலுக்கு 19 தலைக்கட்டுகள் உண்டு. பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் 43 பேர் இருக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கோயில் மண்டபத்தின் கூரை ஒழுகத் தொடங்கியபோது, எல்லோரும் ஒருநாள் உட்கார்ந்து பேச வேண்டும் என்று, "எல்லாருக்கும் எப்ப வசதி?" என்று ஓர் இரவு நான் குழுவில் கேட்டேன். விடிவதற்குள் அறுபதுக்கு மேல் செய்திகள் வந்திருந்தன. ஒருவர் "ஞாயிறு ஓகே" என்றார். இன்னொருவர் "ஞாயிறு தவிர எதுவானாலும்" என்றார். "ஆயுத பூஜை முடியட்டும் பார்க்கலாம்" என்று ஒரு பெரியவர் சொல்ல, அதற்குக் கீழே ஒன்பது கட்டைவிரல்கள் உயர்ந்திருந்தன. அந்த ஒன்பது பேரும் அவர் சொன்னதற்குத் தலையாட்டினார்களா, பெரியவர் என்பதற்காக மரியாதை செய்தார்களா என்பது இன்று வரை எனக்கு விளங்கவில்லை. அந்த ஆண்டு கூட்டமே நடக்கவில்லை.

அடுத்த ஆண்டு அதே 43 பேரிடம், அதே கூரைக்காக, மூன்று நாளில் தேதி குறித்தோம். இரண்டுக்கும் இடையில் மாறியது கேட்ட விதம் மட்டுமே என்பதால், அதைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

திறந்த கேள்வி ஏன் முடிவைத் தருவதில்லை

"எப்ப வசதி?" என்று கேட்டால், பதில் சொல்லும் ஒவ்வொருவரும் ஒரு புதிய தேதியைக் கொண்டுவந்து போடுகிறார்கள். அந்தத் தேதியைப் பற்றித் தமக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டுப் போனவர்கள் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் திரும்பி வந்து மறுபடியும் சொல்லவும் மாட்டார்கள். ஆகவே முப்பது பதில்கள் வந்த பிறகும், எந்த ஒரு தேதிக்கும் முப்பது பேரின் கருத்து நம் கையில் இருப்பதில்லை. ஒரே பட்டியலை எல்லோரும் பார்த்து, அதில் இருக்கும் ஒவ்வொரு நேரத்துக்கும் முடியும் அல்லது முடியாது என்று சொன்னால்தான் எண்ணிப் பார்க்க ஏதாவது மிஞ்சும். அந்தப் பட்டியலைக் குழுவிடம் விடாமல், கூட்டுகிறவரே தயார் செய்ய வேண்டும்.

முதல் படி: குழுவுக்குப் போகும் முன் நான்கு தொலைபேசி அழைப்புகள்

எந்தக் கூட்டத்திலும், இவர் இல்லாவிட்டால் பேசிப் பயனில்லை என்கிற சிலர் இருப்பார்கள். அவர்கள் யார் என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பட்டியல் ஐந்து பேரைத் தாண்டினால், நாம் தேவையையும் மரியாதையையும் குழப்பிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். எங்கள் கூட்டத்துக்கு நான்கு பேர் தேவைப்பட்டார்கள்: கோயில் பூசாரி, கணக்குப் பார்க்கும் சித்தப்பா, கூரையைப் பார்த்து மதிப்பீடு சொல்ல வேண்டிய மேஸ்திரி, ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை வேலையில் இருக்கும் பெரியப்பா. இவர்களைக் குழுவில் கேட்கக் கூடாது. தனித்தனியாகக் கூப்பிட்டு, எப்போது முடியும் என்பதைவிட எப்போது நிச்சயமாக முடியாது என்பதைக் கேட்க வேண்டும், ஏனென்றால் முடியாத நேரத்துக்குத்தான் மனிதர்களிடம் தெளிவான காரணம் இருக்கிறது.

2025 செப்டம்பர் மாதத்தை மனத்தில் வைத்து, ஆகஸ்டு கடைசி வாரத்தில் கூப்பிட்டேன். மேஸ்திரி திங்கள் முதல் சனி வரை வேலைத்தளத்தில் இருப்பவர். ஞாயிறு வருவார், ஆனால் கூரை மேல் ஏறிப் பார்க்க வெளிச்சம் இருக்க வேண்டும் என்றார். பெரியப்பாவுக்குத் தோட்டத்தில் சனிக்கிழமை கூலி போடும் நாள், அதனால் சனி இல்லை. திரும்பிப் போகும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இருட்டுவதற்குள் தாண்டிவிட வேண்டும் என்பது அவருடைய இன்னொரு நிபந்தனை. உருக்காலையில் வேலை பார்க்கும் சித்தப்பாவுக்கு 28-ஆம் தேதி பி ஷிப்ட், மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போக வேண்டும். பூசாரி காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்: 7-ஆம் தேதி இரவு சந்திர கிரகணம், மதியத்துக்கு மேல் கோயிலில் எதுவும் வைத்துக்கொள்ள வேண்டாம், 21 மகாளய அமாவாசை, அன்று யாரும் வர மாட்டார்கள்.

இந்த நான்கு அழைப்புகளும் சேர்ந்து அரை மணி நேரம் கூட ஆகவில்லை. ஆனால் ஒரு மாதத்தில் இருக்கக்கூடிய எல்லா நேரங்களிலும், நான்கு பேருக்கும் பொருந்துகிற நான்கே நேரங்கள் மிஞ்சின: 7 ஞாயிறு காலை, 14 ஞாயிறு காலை, 14 ஞாயிறு பிற்பகல், 28 ஞாயிறு காலை. இனிமேல் குழு எதைத் தேர்ந்தெடுத்தாலும் கூட்டம் நடக்கும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான், வாக்கெடுப்பெல்லாம் முடிந்த பிறகு "ஐயோ, மேஸ்திரிக்கு அன்று முடியாதாம்" என்று தொடங்கிய இடத்துக்கே வருகிறார்கள்.

இரண்டாம் படி: நேரங்களை எழுதும் முறை

"வர்ற ஞாயிறு" என்று எழுதினால், வியாழக்கிழமை படிக்கிறவர் ஒரு ஞாயிற்றையும், அதைத் திங்கட்கிழமை திறந்து பார்க்கிறவர் வேறொரு ஞாயிற்றையும் நினைத்துக்கொள்வார். தேதி, கிழமை, தொடங்கும் நேரம், முடியும் நேரம் ஆகிய நான்கும் ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டும். தேதியும் கிழமையும் சேர்ந்திருந்தால் எழுதியவரின் தவறும் பிடிபட்டுவிடும். "14 சனி" என்று நான் முதலில் தட்டியிருந்ததை என் மனைவிதான் பார்த்துச் சொன்னாள். முடியும் நேரத்தைப் போடுவது அதைவிட முக்கியம். பத்து மணிக்குக் கூட்டம் என்றால் எப்போது வீடு திரும்பலாம் என்று தெரியாத காரணத்தால் பதில் சொல்லாமல் தள்ளிப்போடுகிறவர்கள் நம் குழுக்களில் ஏராளம்.

எத்தனை நேரங்கள் கொடுக்கலாம்? வாட்ஸ்அப் வாக்கெடுப்பில் 12 வரை போடலாம். ஆனால் ஐந்தைத் தாண்டினால், படிக்கிறவர் மேலே இருக்கும் இரண்டை மட்டும் பார்த்துத் தொட்டுவிட்டுப் போய்விடுகிறார். கடைசி வரியாக "இவற்றில் எதுவும் முடியாது" என்பதைச் சேர்க்க வேண்டும். அது இல்லாவிட்டால், பார்த்துவிட்டு முடியாமல் போனவரையும் பார்க்கவே இல்லாதவரையும் பிரித்தறிய வழி இருக்காது.

மூன்றாம் படி: வாக்கெடுப்பைப் போடுதல்

குழுவைத் திறந்து, ஆண்ட்ராய்டில் இணைப்புக் குறியையும் ஐபோனில் கூட்டல் குறியையும் தொட்டால் `Poll` என்பது தெரியும். கேள்வியையும் விடைகளையும் எழுதிய பிறகு, கீழே `Allow multiple answers` என்னும் பொத்தான் இயங்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முறை முழுவதும் அந்த ஒரு பொத்தானை நம்பியிருக்கிறது. அது அணைந்திருந்தால் ஒருவர் ஒன்றைத்தான் தொட முடியும். அப்போது வாக்கெடுப்பு காட்டுவது யாருக்கு எது மிகவும் பிடிக்கும் என்பதை. நமக்குத் தேவையானது யார் எப்போதெல்லாம் வர முடியும் என்பது. மூன்று நேரங்களில் வரக்கூடியவர் ஒன்றை மட்டும் தொட்டிருந்தால், பெரும்பாலோர் வரக்கூடிய நேரம் நம் கண்ணில் படாமலே போகும். அனுப்பிய வாக்கெடுப்பில் தேதியைத் திருத்த முயல்வதைவிட, தவறு தெரிந்தவுடன், யாரும் தொடுவதற்கு முன்பே, எல்லோருக்குமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவது நல்லது.

நான் போட்டது இதுதான்:

> கூரை வேலை பற்றிப் பேசக் கோயில் மண்டபத்தில் கூடுகிறோம். உங்களால் முடிந்த நேரங்கள் எல்லாவற்றையும் தொடுங்கள். கடைசி நேரம்: ஆகஸ்டு 30 சனி இரவு 9 மணி.
>
> செப் 7 ஞாயிறு காலை 10 – 12
> செப் 14 ஞாயிறு காலை 10 – 12
> செப் 14 ஞாயிறு பிற்பகல் 3 – 5
> செப் 28 ஞாயிறு காலை 10 – 12
> இவற்றில் எதுவும் முடியாது

இதைப் போட்ட கையோடு, கீழே தனிச் செய்தியாக விதியையும் எழுதினேன்:

> பெரியப்பா, சித்தப்பா, அண்ணன் தம்பிகள் அனைவருக்கும் வணக்கம். தலைக்கட்டுக்கு ஒருவர் தொட்டால் போதும். அதிகத் தலைக்கட்டுகள் வரக்கூடிய நேரமே முடிவு. சமமாக வந்தால் முந்திய நேரம். சனி இரவு 9 மணி வரை தொடாதவர்களுக்கு எந்த நேரமும் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறோம். ஞாயிறு காலை முடிவைச் சொல்கிறேன்.

விதியை வாக்கு விழும் முன்பே சொல்லிவிட வேண்டும். எண்ணிக்கை தெரிந்த பிறகு சொல்லப்படும் எந்த விதியும், சொன்னவர் தமக்கு வேண்டியதைச் செய்துகொண்டார் என்றே படும்; பங்காளிகளுக்குள் அது வேறு கணக்குகளையும் கிளறிவிடும். மௌனத்துக்கு என்ன பொருள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டால், பதில் சொல்லாதவருக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

கெடுவை மூன்று நாளுக்குமேல் வைக்க வேண்டாம். வியாழன் மாலை ஏழரைக்குப் போட்டு சனி இரவு முடித்தேன். ஒரு வாரம் கொடுத்தால், முதல் நாள் தொட்டவரின் நிலைமை ஏழாம் நாளுக்குள் மாறிவிடுகிறது. வாக்கெடுப்பைப் போட்டவுடன் அதை அழுத்திப் பிடித்து `Pin` செய்து 7 நாள் என்று தேர்ந்தெடுத்தால், காலை வணக்கப் படங்களுக்கும் பிறந்த நாள் வாழ்த்துகளுக்கும் அடியில் அது புதைந்து போகாது. உங்கள் குழுவில் நிர்வாகிகள் மட்டுமே பின் செய்யலாம் என்று அமைத்திருந்தால், அவர்களில் ஒருவரிடம் சொல்லுங்கள்.

வெளியூரில், வெளிநாட்டில் இருந்து வீடியோவில் சேர்கிறவர்கள் இருந்தால், நேரங்கள் இந்திய நேரம் என்று ஒரு சொல் சேர்க்க வேண்டும். துபாயில் இருக்கும் என் தம்பிக்கு நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை 10 என்றால் அவனுக்கு எட்டரை. 2022 முதல் அங்கே சனியும் ஞாயிறும் விடுமுறை என்பதால் ஞாயிறு அவனுக்கும் பொருந்தியது.

நான்காம் படி: நினைவூட்டலைக் குழுவில் செய்யாமல் தனியாகச் செய்வது

வெள்ளி இரவுக்குள் 14 தலைக்கட்டுகள் பதில் சொல்லிவிட்டன. மீதி ஐந்து. "இன்னும் தொடாதவர்கள் தொடவும்" என்று குழுவில் போடுவதால், ஏற்கெனவே தொட்டவர்களின் கைபேசிதான் அடிக்கும். தொடாதவர் அந்தச் செய்தியையும் பார்க்க மாட்டார். வாக்கெடுப்பின் கீழே இருக்கும் `View votes` என்பதைத் தொட்டால் யார் எதைத் தொட்டார்கள் என்று பெயரோடு தெரியும். அதை வைத்துக்கொண்டு, நோட்டில் 19 தலைக்கட்டுகளையும் வரிசையாக எழுதி டிக் அடித்தேன். பெயர் வராத ஐந்து வீட்டுக்கும் சனி மாலை தனியாக ஒரு வரி அனுப்பினேன்: "அண்ணா, கூரைக் கூட்டத்துக்கு உங்க வீட்டுப் பதில் மட்டும் பாக்கி. இன்னைக்கு ராத்திரி ஒன்பது வரைக்கும் தொடலாம்." மூவர் உடனே தொட்டார்கள்.

பொத்தான் போன் வைத்திருக்கும் பெரியவர்களை இந்தக் கணக்கில் மறக்கக் கூடாது. பெரியப்பாவின் கைபேசியில் வாட்ஸ்அப் கிடையாது. நான்கு நேரமும் அவருக்குச் சம்மதம் என்பது அழைப்பிலேயே தெரிந்துவிட்டதால், அவருடைய தலைக்கட்டுக்கு எதிரே நானே குறித்துக்கொண்டு, அதைக் குழுவிலும் ஒரு வரியில் சொல்லிவிட்டேன். சொல்லாமல் சேர்த்தால், பிறகு கூட்டிப் பார்க்கிறவருக்கு எண்ணிக்கை உதைக்கும்.

ஐந்தாம் படி: எண்ணுதல்

நான் ஏறக்குறையத் தவறியது இந்த இடத்தில்தான். சனி இரவு ஒன்பது மணிக்கு, பெரியப்பாவின் பதிலையும் கூட்டினால், 14 காலைக்கு 17 வாக்குகள், 14 பிற்பகலுக்கு 14 வாக்குகள். காலை என்று தட்டச்சு செய்யவே தொடங்கிவிட்டேன். வாட்ஸ்அப் எண்ணுவது ஆட்களை. எங்கள் விதி சொன்னது தலைக்கட்டுகளை. பெயர்களைத் திறந்து பார்த்தால், ஒரு வீட்டில் அப்பா, இரண்டு மகன்கள், மருமகள் என்று நான்கு பேரும் காலையைத் தொட்டிருந்தார்கள். இன்னொரு வீட்டில் மூன்று பேர். தலைக்கட்டுக்கு ஒருவர் என்று எழுதியிருந்தும் இது நடக்கும், ஏனென்றால் வாக்கெடுப்பு எல்லோருடைய கைபேசியிலும் தொடும்படி தெரிகிறது. நான்கில் மூன்றையும் மூன்றில் இரண்டையும் கழித்தால், காலைக்கு 12 தலைக்கட்டுகள். பிற்பகலில் ஒரே ஒரு வீட்டில்தான் கணவனும் மனைவியும் தனித்தனியாகத் தொட்டிருந்தார்கள்; அதைக் கழித்தால் 13. பிற்பகல்தான் முடிவு.

அலுவலகக் குழுவில் இந்தச் சிக்கல் வராது. குடும்பக் குழுவிலும், வீட்டுக்கு வீடு இரண்டு மூன்று பேர் இருக்கும் குடியிருப்போர் குழுவிலும் நிச்சயம் வரும். திரையில் தெரியும் எண்ணை நம்பாமல் பெயர்களைத் திறந்து பாருங்கள்.

பெயர்கள் எல்லோருக்கும் தெரியும்படி இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. `Doodle` என்னும் நேரம் குறிக்கும் தளத்தின் வாக்கெடுப்புகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, பிறர் தொட்டதைப் பார்க்க முடிகிற வாக்கெடுப்புகளில் மக்கள் கூடுதல் நேரங்களைத் தொடுகிறார்கள் என்றும், அந்தக் கூடுதல் வாக்குகள் மிகவும் ஆதரவுள்ள நேரங்களிலும் ஆதரவே இல்லாத நேரங்களிலும் விழுகின்றன என்றும் கண்டது. ஆதரவில்லாத நேரம் எப்படியும் வெல்லாது. அதைத் தொட்டுவைத்தால் ஒத்துழைக்கிறவர் என்ற பெயர் கிடைக்கும், செலவு எதுவும் இல்லை. ஆகவே கடைசி இடத்தில் இருக்கும் நேரத்தின் வாக்குகளை நம்பி அதை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளாதீர்கள். மாற்று என்றால் இரண்டாம் இடத்தில் வந்ததுதான்.

எண்ணி முடித்தவுடன் `View votes` திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்த பிறகும் யாராவது தம் வாக்கை மாற்றித் தொட்டால், மறுநாள் திரையில் தெரியும் எண் நாம் அறிவித்த எண்ணாக இருக்காது.

ஆறாம் படி: அறிவிப்பு, அதற்குப் பிறகு வரும் பேச்சு

முடிவைக் கேள்வியாக எழுதக் கூடாது. "14 பிற்பகல் வைத்துக்கொள்ளலாமா?" என்று எழுதினால் குழு மறுபடியும் பேசத் தொடங்கிவிடும். ஞாயிறு காலை நான் எழுதியது: "கூட்டம்: செப்டம்பர் 14 ஞாயிறு பிற்பகல் 3 முதல் 5 வரை, கோயில் மண்டபம். பதில் சொன்ன 17 தலைக்கட்டுகளில் 13-க்கு இந்த நேரம் முடியும். மேஸ்திரி, பூசாரி, கணக்கு மூவரும் வருகிறார்கள். ஏற்காட்டுப் பெரியப்பாவும் வருகிறார். வர முடியாத வீட்டார் தங்கள் கருத்தை எனக்கு 12-ஆம் தேதிக்குள் சொன்னால் கூட்டத்தில் படித்துவிடுகிறேன். வீடியோவில் சேர்கிறவர்களுக்கு இந்திய நேரம் 3 மணி, துபாய் நேரம் 1.30." பழைய வாக்கெடுப்பின் பின்னை எடுத்துவிட்டு, இந்தச் செய்தியைப் பின் செய்தேன். இரண்டும் மேலே இருந்தால், கூட்டம் முடிவான பிறகும் சிலர் பழையதைத் தொட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தம்பி, "திங்கள் வச்சா இன்னும் நல்லா இருக்குமே?" என்று எழுதினான். அவன் வாக்கெடுப்பில் எதையும் தொடாதவன். இதற்குக் காரணம் விளக்கப் போனால் விவாதமாகும், "பதிமூணு வீட்டுக்குப் பொருந்தின நேரம் தம்பி, இதையே வச்சுக்குவோம். உன் கருத்தை எனக்கு அனுப்பு, படிச்சிடறேன்" என்று எழுதி நிறுத்திக்கொண்டேன். முடிவை மறுபடியும் திறப்பதற்கு ஒரே காரணம்தான் உண்டு: முதல் படியில் எழுதிய நால்வரில் ஒருவருக்கு வர முடியாமல் போவது. அப்படி நேர்ந்தாலும் புதிய வாக்கெடுப்பு தேவையில்லை. இரண்டாம் இடத்தில் வந்த நேரத்துக்கு நேரே போய்விடலாம். எங்களுக்கு அது அதே நாள் காலை.

இந்த முறை எங்கே பொருந்தாது

நால்வரின் வசதியைக் கேட்டுப் பட்டியலைச் சுருக்க முடியாத இடங்களில், உதாரணமாக இருபது பேரும் சம அளவில் தேவைப்படும் ஒத்திகைகளில், நான்கு வரி வாக்கெடுப்பு போதாது. அங்கே ஒரு வாரத்தின் எல்லா மணிகளையும் கட்டங்களாக வைத்து, ஒவ்வொருவரும் தம் ஓய்வு நேரத்தின் மேல் விரலை இழுத்து நிறமிட உதவும் `When2meet` போன்ற தளத்தின் இணைப்பைக் குழுவில் போடலாம். பெரியவர்கள் அதிகமுள்ள குழுவில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இணைப்பைத் திறந்து பெயர் எழுதுவதற்குள் பாதிப் பேர் விட்டுவிடுகிறார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை ஒரே ஒரு நினைவூட்டல் போதும். அதில் நேரத்தோடு ஒரு கேள்வியும் இருக்கட்டும். "நாளை மூன்று மணி, கோயில் மண்டபம். போண்டா எத்தனை பேருக்குச் சொல்லட்டும்? தலைக்கட்டுக்கு எத்தனை பேர் என்று மட்டும் எழுதுங்கள்" என்று 13-ஆம் தேதி மாலை போட்டேன். வரப்போகிறவர்கள் அனைவரும் எண்ணை எழுதினார்கள், மொத்தம் 26. மேஸ்திரி குழுவில் இல்லாததால் அவருக்கு மட்டும் தனியாக ஒரு போன்.